உருண்டை வித்தும் சுருங்கிய வித்தும்: பட்டாணியைக் கொண்டு ஆட்சி, பின்னிடைவு கற்பிக்கும் முழுமையான வழிகாட்டி

நெட்டைச் செடி, குட்டைச் செடி என்று தொடங்குவதுதான் வழக்கம். நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைவிட வித்தின் வடிவத்தில் தொடங்குவது நல்லது. செடியின் உயரம் தண்ணீரையும் பசளையையும் பொறுத்து ஏறும், இறங்கும். வித்து உருண்டையா சுருங்கியதா என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு செடியிலிருந்தே பல பத்து வித்துகளை எண்ணவும் முடியும். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரே இயல்பைப் பிடித்துக்கொண்டு, பெற்றோர் தாவரத்திலிருந்து மூன்றாம் தலைமுறை வரை போகிறது. ஒன்றைச் சரியாக வரையக் கற்ற பிள்ளை, மெண்டல் பட்டாணியில் ஆராய்ந்த மற்ற ஆறு இயல்புகளுக்கும் எழுத்தை மாற்றிப் போட்டால் போதும்.

படம் வரைய முன் பூவைப் பார்க்க வேண்டும்

கிரேகர் மெண்டல் 1856 முதல் 1863 வரை புரூண் நகர மடத்துத் தோட்டத்தில் பட்டாணியை வளர்த்து ஆராய்ந்தார். இன்று அந்த நகரம் செக் குடியரசில் புர்னோ எனப்படுகிறது. அவர் பட்டாணியைத் தேர்ந்ததற்கான காரணம் பூவின் அமைப்பிலேயே இருக்கிறது. கேசரங்களையும் குறியையும் படகு போன்ற இதழ் ஒன்று மூடி வைத்திருக்கிறது. பூ விரியுமுன்பே மகரந்தம் கொட்டிவிடும். அதனால் தொடாமல் விட்டால் பட்டாணி தன்மகரந்தச்சேர்க்கையே செய்யும், வெளி மகரந்தம் உள்ளே போவது அரிது.

யாழ்ப்பாணத்தில் பட்டாணிப் பூவைத் தேடி அலைய வேண்டியதில்லை. குளிரை விரும்பும் அந்தப் பயிர் எங்கள் வெயிலில் சரியாகக் காய்க்காது. வேலியோரத்து அகத்திப் பூ இதே குடும்பத்தைச் சேர்ந்தது, அளவிலும் பெரியது. படகு இதழை நகத்தால் பிரித்தால் பத்துக் கேசரங்கள் தெரியும்: ஒன்பது ஒன்றாக ஒட்டியிருக்கும், ஒன்று தனித்து நிற்கும். பட்டாணியிலும் இதே கணக்குத்தான். பிள்ளைகள் ஆளுக்கொரு அகத்திப் பூவைப் பிரித்துப் பார்த்த பிறகு, மெண்டல் செய்தது என்ன என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மொட்டு விரியுமுன் பத்து மகரந்தக்கூடுகளையும் அகற்றினார், வேறொரு செடியின் மகரந்தத்தைக் குறியில் தடவினார், பிறகு பூவை மூடிக் கட்டினார். கொப்பியில் நாம் போடும் "×" அடையாளம் இந்த வேலையைத்தான் காட்டுகிறது.

படி 1: எழுத்தைத் தேர்ந்து, அது எதைக் குறிக்கிறது என எழுதுதல்

வித்தின் வடிவத்தைத் தீர்மானிக்கும் பரம்பரை அலகுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. இவற்றை எதிருருக்கள் என்கிறோம். உருண்டை வித்துக்கான எதிருரு R, சுருங்கிய வித்துக்கானது r. ஒரே எழுத்தின் பெரிய வடிவமும் சிறிய வடிவமுமாக எழுதுவது கட்டாயம். உருண்டைக்கு R, சுருங்கியதற்கு W என்று இரண்டு எழுத்துகளை எடுத்தால், அவை ஒரே அலகின் இரு வடிவங்கள் என்பது படத்திலிருந்து மறைந்துவிடும். C, S, W போன்ற எழுத்துகளையும் தவிர்க்கலாம். கையெழுத்தில் பெரியதும் சிறியதும் ஒன்றுபோலவே விழும், பிறகு பிள்ளைக்கே தான் எழுதியது விளங்காது.

ஒவ்வொரு தாவரக் கலத்திலும் இந்த அலகு இரட்டையாக இருக்கும். தாய் வழியாக ஒன்று, தந்தை வழியாக ஒன்று. எனவே சேர்மானங்கள் மூன்றுதான்: RR, Rr, rr. இவற்றில் RR, Rr இரண்டும் உருண்டை வித்தைத் தரும். rr மட்டுமே சுருங்கும். ஒரேயொரு R இருந்தாலும் வெளியே தெரிந்துவிடுவதால் உருண்டை ஆட்சியான இயல்பு. இரண்டு r சேர்ந்தால்தான் வெளியே வருவதால் சுருக்கம் பின்னிடைவான இயல்பு. எழுத்துச் சேர்மானத்தைப் பிறப்புரிமையமைப்பு என்றும், கண்ணுக்குத் தெரிவதைத் தோற்றவமைப்பு என்றும் சொல்கிறோம். இந்த இரண்டு சொற்களையும் இந்த இடத்தில் ஒருமுறை எழுதவைத்தால் போதும், மனனம் பிறகு தானாக வரும்.

"ஒரு R ஏன் போதும்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அதற்கு மழுப்பாமல் விடை சொல்லலாம், ஏனெனில் இந்த அலகின் வேலை 1990 இல் தெரியவந்துவிட்டது. R எதிருரு, வித்துக்குள் மாப்பொருளைக் கிளைபோடச் செய்யும் ஒரு நொதியத்தை உருவாக்குகிறது. r எதிருருவில் ஏறத்தாழ 800 சோடி நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு இடையில் புகுந்து கிடப்பதால் அந்த நொதியம் உருவாவதில்லை. மாப்பொருள் குறைந்து வெல்லம் கூடுகிறது, வெல்லம் கூடிய வித்து வளரும்போது நிறையத் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. முற்றிக் காயும்போது அந்தத் தண்ணீர் போக, தோல் சுருங்கிவிடும். Rr வித்தில் ஒரு நல்ல R இருக்கிறது, வித்தை உருண்டையாக வைத்திருக்கத் தேவையான அளவு நொதியத்தை அதுவே தந்துவிடுகிறது. ஆக R வந்து r ஐ அடக்குவதில்லை. r வேலை செய்யவில்லை, R செய்கிறது, விடயம் அவ்வளவுதான்.

படி 2: பெற்றோரும் புணரிகளும்

தலைமுறை தலைமுறையாக உருண்டை வித்தையே தந்துவரும் தூய செடி ஒன்று, சுருங்கிய வித்தையே தரும் தூய செடி ஒன்று. இவை P, அதாவது பெற்றோர் தலைமுறை. இவற்றின் பிள்ளைகள் F1, அந்த F1 இன் பிள்ளைகள் F2. தூய செடி என்றால் இரண்டு எழுத்தும் ஒன்றே.

```
P       RR   ×   rr
        |        |
        R        r
         \      /
F1         Rr
```

நடுவரிசையில் இருப்பவை புணரிகள்: மகரந்தமணி கொண்டுவரும் ஆண்புணரியும், சூல்வித்துக்குள் இருக்கும் பெண்புணரியும். புணரி உருவாகும்போது சோடி பிரிகிறது. ஆகவே ஒரு புணரியில் ஒரு எழுத்து மட்டுமே இருக்கும். திருத்தும் விடைத்தாள்களில் மிக அதிகமாகக் காணும் பிழை, புணரி வரிசையிலும் RR, rr என்றே எழுதிவிடுவது. அப்படி எழுதிய பிள்ளைக்கு அடுத்த வரியில் RRrr என நான்கு எழுத்து வரும். விடையில் நான்கு எழுத்துள்ள வித்தைக் கண்டால் அதற்கு மேல் பார்க்கவே வேண்டாம், பிழை புணரி வரிசையில்தான் இருக்கிறது. புணரிகளைச் சிறு வட்டத்துக்குள் எழுதப் பழக்கினால் இந்தப் பிழை வெகுவாகக் குறையும். வட்டத்துக்குள் இரண்டாவது எழுத்துக்கு இடம் இராது.

F1 வித்துகள் எல்லாம் Rr, எல்லாம் உருண்டை. மகரந்தம் எந்தச் செடியிலிருந்து வந்தாலும் விடை மாறுவதில்லை என்பதையும் மெண்டல் இருபுறமும் கலந்து பார்த்து உறுதிசெய்தார். ஆகவே "தாய்ச் செடியைப் போலத்தான் வந்தது" என்ற விளக்கத்துக்கு இங்கே இடமில்லை.

படி 3: புனெட் சதுரம்

இப்போது F1 வித்துகளை விதைத்து, வளர்ந்த செடிகளைத் தன்மகரந்தச்சேர்க்கைக்கு விடுகிறோம். அதாவது Rr × Rr. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு வகைப் புணரிகள் சம வாய்ப்போடு உருவாகும்: பாதி R, பாதி r. சதுரக்கோட்டுக் கொப்பியில் இரண்டுக்கு இரண்டு கட்டம் போட்டு, மேலே மகரந்தத்தின் எழுத்துகளையும் இடப்பக்கத்தில் சூல்வித்தின் எழுத்துகளையும் எழுதவும்.

```
         R      r
      +------+------+
   R  |  RR  |  Rr  |
      +------+------+
   r  |  Rr  |  rr  |
      +------+------+
```

நிரப்பும் ஒழுங்கு இது: மேலே உள்ள எழுத்தை அதன் கீழுள்ள இரு கட்டங்களிலும் இறக்கவும், பிறகு இடப்பக்க எழுத்தை வலப்புறமாக இரு கட்டங்களிலும் எழுதவும். பெரிய எழுத்தை எப்போதும் முன்னால் வைக்கவும். rR என எழுதினால் தவறில்லை, ஆனால் எண்ணும்போது பிள்ளை அதை நான்காவது வகையாகக் கணக்கிட்டுவிடும்.

எண்ணுவதை இரண்டு தடவை செய்ய வேண்டும், இரண்டையும் தனித்தனி வரியில் எழுத வேண்டும். பிறப்புரிமையமைப்பு: 1 RR, 2 Rr, 1 rr, அதாவது 1 : 2 : 1. தோற்றவமைப்பு: 3 உருண்டை, 1 சுருங்கியது, அதாவது 3 : 1. எந்த விகிதம் கேட்கப்பட்டது என்று பார்க்காமல் முதலில் நினைவுக்கு வந்ததை எழுதுவதால் போகும் புள்ளிகள் அதிகம்.

படி 4: வித்து எந்தத் தலைமுறை?

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் விரைந்து கடக்கும் இடம் இது. சற்று நின்று விளக்க வேண்டும், ஏனெனில் வித்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டால் குழப்பம் இங்கேதான் வரும்.

ஒரு காய்க்குள் இருக்கும் வித்து தாய்ச் செடியின் உறுப்பு அல்ல. அது அடுத்த தலைமுறையின் குழந்தை. வித்துக்குள் இருக்கும் முளையமும் வித்திலைகளும் கருக்கட்டலுக்குப் பிறகு உருவானவை. வித்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது அந்த வித்திலைகளில் உள்ள மாப்பொருள். ஆகவே சுருங்கிய வித்திலிருந்து வளர்ந்த rr செடியின் பூவில் RR மகரந்தத்தைத் தடவினால், அதே ஆண்டில், அதே செடியின் காயில் உருண்டை வித்து கிடைக்கும். அந்த வித்து F1. F1 செடியில் தொங்கும் காயைப் பிரித்தால் உள்ளே இருப்பவை F2 வித்துகள். ஒரே காய்க்குள் உருண்டையும் சுருங்கியதும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

உயரம், பூவின் நிறம் போன்றவை அப்படி அல்ல. F2 செடி நெட்டையா குட்டையா என்று அறிய அந்த வித்தை விதைத்து இன்னொரு போகம் காத்திருக்க வேண்டும். காயின் நிறமும் வடிவமும் தாய்ச் செடிக்கே உரியவை. இதைக் கொப்பியில் பதிய எளிய வழி, ஒவ்வொரு தலைமுறைக்கும் இரண்டு நிரல் போடுவது: "செடி", "அதன் காய்க்குள் இருக்கும் வித்து". P செடியின் வரிசையில் வித்து நிரலில் F1 என்றும், F1 செடியின் வரிசையில் F2 என்றும் எழுதவைத்தால் குழப்பம் தீரும்.

படி 5: நான்கு கட்டம் நான்கு வித்து அல்ல

கட்டத்தைப் பார்த்த பிள்ளை, "ஒரு காயில் நாலு வித்து இருந்தால் ஒன்று கட்டாயம் சுருங்கியிருக்கும்" என்று முடிவுகட்டும். சதுரம் சொல்வது வேறு: ஒவ்வொரு வித்துக்கும், மற்ற வித்துகளைப் பொருட்படுத்தாமல், சுருங்குவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. கணக்கிட்டுப் பார்த்தால், நான்கு வித்துள்ள காய்களில் சரியாக 3 : 1 வருவது 100 இல் ஏறத்தாழ 42 தடவைதான். 32 தடவை சுருங்கியது ஒன்றுகூட இராது. வித்துகள் கூடக்கூட விகிதம் 3 : 1 ஐ நெருங்கும்.

மெண்டலின் எண்களே இதற்கு நல்ல சான்று. 253 F1 செடிகளிலிருந்து அவர் 7324 வித்துகளைப் பெற்றார். உருண்டை 5474, சுருங்கியவை 1850, விகிதம் 2.96 : 1. துல்லியமாக 3 : 1 என்றால் 5493 உம் 1831 உம் வந்திருக்க வேண்டும், வித்தியாசம் வெறும் 19. ஆனால் தனிச் செடிகளைப் பார்த்தால் ஒன்றில் 43 உருண்டைக்கு 2 சுருங்கியவை, இன்னொன்றில் 14 உருண்டைக்கு 15 சுருங்கியவை. இந்த இரண்டு செடிகளும் Rr தான். கரும்பலகையில் முதலில் அந்த இரண்டு செடிகளின் எண்களை எழுதி, "விதி பிழையா?" என்று கேட்டுவிட்டு, பிறகு மொத்தத்தை எழுதினால் பிள்ளைகள் தாங்களே விடைக்கு வருவார்கள்.

வகுப்பில் செய்து பார்க்கப் புளியங்கொட்டை போதும். கொட்டையின் ஒரு பக்கத்தைக் கல்லில் உரைத்து வெள்ளையாக்கவும். கறுப்புப் பக்கம் R, வெள்ளைப் பக்கம் r. ஆக ஒவ்வொரு கொட்டையும் ஒரு Rr பெற்றோர், அது விழும் பக்கம் அந்தப் பெற்றோர் தரும் புணரி. இருவர் சோடியாக அமர்ந்து ஆளுக்கொரு கொட்டையை ஒரே நேரத்தில் உருட்டி, விழுந்த சேர்மானத்தைக் குறிக்க வேண்டும். இரண்டும் வெள்ளையானால் சுருங்கிய வித்து. சோடிக்கு 40 தடவை என்றால் எதிர்பார்ப்பது 10. ஆனால் 5 முதல் 15 வரை எது வந்தாலும் வியப்பில்லை. பதினைந்து சோடிகளின் 600 தடவைகளையும் கூட்டினால் 150 ஐச் சுற்றி, பெரும்பாலும் 130 க்கும் 170 க்கும் இடையில் நிற்கும்.

இதில் கெட்டுப்போவது ஒன்றுதான்: அதிகம் உரைத்த கொட்டை சமமாக விழாது. தொடங்குமுன் ஒவ்வொரு கொட்டையையும் 50 தடவை தனியே உருட்டிப் பார்க்கவும். வெள்ளை 18 க்குக் குறைவாகவோ 32 க்கு அதிகமாகவோ வந்தால் அதை ஒதுக்கிவிடவும். நூற்றுக்கு 60 தடவை வெள்ளை விழும் இரு கொட்டைகள் சேர்ந்தால் சுருங்கியது 25 இற்குப் பதிலாக 36 வீதம் வந்துவிடும். நல்ல கொட்டை கிடைக்காவிட்டால் இரண்டு நாணயங்களைச் சுண்டலாம்.

படி 6: உருண்டைக்குள் ஒளிந்திருப்பது

F2 உருண்டை வித்துகளில் மூன்றில் ஒன்று RR, மூன்றில் இரண்டு Rr என்று சதுரம் சொல்கிறது. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. மெண்டல் உருண்டை வித்துகளிலிருந்து 565 செடிகளை வளர்த்து, தன்மகரந்தச்சேர்க்கைக்கு விட்டார். 193 செடிகள் உருண்டையை மட்டுமே தந்தன, 372 செடிகள் இரண்டையும் கலந்து தந்தன. ஏறத்தாழ 1 : 2. சதுரத்தின் நடு எண்ணான அந்த 2 வெறும் கற்பனை அல்ல என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இல்லை.

விரைவான வழி சோதனைப் பிறப்பாக்கம். சந்தேகத்துக்குரிய உருண்டைச் செடியை rr செடியோடு கலக்க வேண்டும். rr தரும் புணரி எல்லாம் r என்பதால், மறைக்க அங்கே எதுவுமில்லை.

```
RR × rr  →  Rr, Rr            (1 : 0)
Rr × rr  →  Rr, rr            (1 : 1)
```

சுருங்கிய வித்து ஒன்று வந்தாலே அந்தச் செடி Rr என்பது நிச்சயம். எல்லாம் உருண்டையாக வந்தால் RR என்று சொல்லலாம், ஆனால் எத்தனை வித்தைப் பார்த்தோம் என்பது முக்கியம். Rr செடி ஒன்று 5 வித்துகளையும் உருண்டையாகவே தருவதற்கு 32 இல் ஒரு வாய்ப்பு உண்டு. 8 வித்து என்றால் 256 இல் ஒன்று.

கடைப் பட்டாணியோடு வரும் தொல்லைகள்

வகுப்புக்குக் காட்டக் கடையில் பட்டாணி வாங்கி வருவது நல்லதுதான், ஆனால் எச்சரிக்கை வேண்டும். காய்ந்த உருண்டை வகையிலும் லேசான குழிகள் விழும். அதைச் சுருக்கம் என்று எண்ணக்கூடாது. உண்மையான சுருங்கிய வித்து முழுவதும் மடிப்பு மடிப்பாக, பெட்டிபோல் கோணலாக இருக்கும். வாங்கிய பையிலிருந்து 3 : 1 ஐ எண்ணப் பார்ப்பதும் வீண். அந்த வித்துகள் ஒரு கலப்பின் பிள்ளைகள் அல்ல, அநேகமாக ஒரே தூய வகையின் விளைச்சல்.

நிறத்திலும் ஒரு பொறி உண்டு. மஞ்சள் ஆட்சியானது, பச்சை பின்னிடைவானது என்று படித்த பிள்ளை, "கறிக்குப் போடும் பட்டாணி எல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது" என்று கேட்கும். முற்றாத வித்து எந்த வகையானாலும் பச்சைதான். மெண்டல் சொன்னது முற்றிக் காய்ந்த வித்திலைகளின் நிறம். அதைப் பார்க்க வித்துறையை உரிக்க வேண்டும்.

குளிரூட்டி விற்கும் இனிப்புப் பட்டாணி பெரும்பாலும் சுருங்கிய வகையைச் சேர்ந்தது. வெல்லம் கூடியதால்தான் அந்த இனிப்பு. பின்னிடைவான இயல்பு என்றால் அரிதானது, பலவீனமானது, பயனற்றது என்ற எண்ணத்தைக் கலைக்க இதையே எடுத்துக்காட்டலாம். எந்த எதிருரு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை ஆட்சி தீர்மானிப்பதில்லை.

எல்லா இயல்பும் இந்தச் சதுரத்துக்குள் அடங்காது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். அந்திமந்தாரையில் சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் இளஞ்சிவப்பு வரும், அங்கே ஆட்சி முழுமையில்லை. நாக்கைச் சுருட்டுவதை மனித உதாரணமாகக் கொடுப்பதை நிறுத்திக்கொள்வது நல்லது. ஒத்த இரட்டையரில்கூடச் சிலவேளை ஒருவர் சுருட்டுவார், மற்றவர் சுருட்டமாட்டார். அதைவைத்துப் பெற்றோரின் எழுத்துகளை எழுதச் சொன்னால், வீட்டில் தேவையற்ற கேள்விகள் எழும்.

ஒரு கணக்கு, பின்புறமிருந்து

உருண்டை வித்திலிருந்து வளர்ந்த ஒரு செடியைச் சுருங்கிய வித்திலிருந்து வளர்ந்த செடியோடு கலந்தபோது 51 உருண்டை, 47 சுருங்கிய வித்துகள் கிடைத்தன. பெற்றோரின் பிறப்புரிமையமைப்பு என்ன? உருண்டை வித்துகளை விதைத்துத் தன்மகரந்தச்சேர்க்கைக்கு விட்டால் என்ன கிடைக்கும்?

சதுரத்தை உடனே போடக்கூடாது. உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்க வேண்டும், அது எப்போதும் பின்னிடைவான பக்கம். சுருங்கிய பெற்றோர் rr தான், வேறு வழியில்லை. 47 சுருங்கிய பிள்ளைகளும் rr. அவற்றில் ஒரு r சுருங்கிய பெற்றோரிடமிருந்து வந்தது, மற்றைய r உருண்டைப் பெற்றோரிடமிருந்தே வந்திருக்க வேண்டும். அந்தப் பெற்றோர் உருண்டையாக இருப்பதால் ஒரு R உம் உண்டு. ஆகவே அது Rr. 51 : 47 என்பது 1 : 1 க்கு அருகில் இருப்பதும் பொருந்துகிறது. இப்போது சதுரத்தைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

இரண்டாம் பகுதியில் பிள்ளைகள் இடறுவது, 51 உருண்டைகளில் சில RR ஆக இருக்கும் என்று நினைத்து. ஒரு பெற்றோர் rr என்பதால் ஒவ்வொரு பிள்ளையிலும் குறைந்தது ஒரு r இருக்கும். எனவே 51 உம் Rr. அவற்றிலிருந்து வளரும் ஒவ்வொரு செடியின் காய்களிலும் இருவகை வித்தும் கலந்து வரும், எல்லாச் செடிகளின் வித்துகளையும் கூட்டினால் 3 : 1 ஐ நெருங்கும்.